உங்களுக்குத் தெரியுமா? உள் ஃபிளாப்பில் ஒளிந்திருக்கும் இரண்டு வரி

பார்சல் வருகிறது. டேப்பைக் கிழித்து, மேலே இருக்கும் இரண்டு பெரிய ஃபிளாப்பையும் விரித்தால், பொருளுக்கு முன்னால் இன்னும் இரண்டு சின்ன ஃபிளாப்புகள் படுத்திருக்கும். அவற்றின் மேல் ஒரு சின்ன வரி. "வந்துட்டோம்" என்றோ, "மெதுவா பிரிங்க" என்றோ யாரோ நம்மிடம் பேசுவதுபோல் இருக்கும். என் அக்கா தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே கருப்பட்டி மிட்டாய் செய்து கூரியரில் அனுப்புகிறாள். அவளுக்காக அந்த இரண்டு வரியை அச்சடிக்கப்போய் நான் கற்றுக்கொண்டவைதான் இந்த வாரத் துணுக்குகள்.

ஃபிளாப்பில் முதலில் பேசியவர் கடைக்காரர் அல்ல

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய அட்டைப்பெட்டி கையில் கிடைத்தால் கவிழ்த்து அடிப்பக்க ஃபிளாப்பைப் பாருங்கள். பெரும்பாலும் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். பெட்டியைச் செய்த கம்பெனியின் பெயர், ஊர், அட்டை எவ்வளவு அழுத்தம் தாங்கும், பெட்டி எந்த அளவு வரை போகலாம், மொத்த எடை எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் அச்சாகியிருக்கும். ரயிலிலும் லாரியிலும் சரக்கு ஏற்றுபவர்களுக்காகப் பெட்டிக்காரர் கொடுக்கும் உறுதிமொழி அது. ஃபிளாப்பில் எழுதும் வழக்கத்துக்கு வயது அதிகம். வாங்குகிறவரைப் பார்த்துப் பேசும் வழக்கம்தான் பின்னால் வந்தது.

உள்ளே தெரியும் வரி, உண்மையில் வெளியே அச்சானது

இதுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. திறந்த பிறகுதான் கண்ணில் படுகிறது என்றால் பெட்டியின் உட்புறத்தில் அச்சடித்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உட்புறத்தில் அச்சடிப்பது செலவுள்ள வேலை. பெட்டி கம்பெனியின் சாதாரண அச்சு இயந்திரம் ஒரு தடவையில் அட்டையின் ஒரு முகத்தில்தான் மை வைக்கும். மறுமுகத்திலும் வேண்டுமென்றால் அட்டையைப் புரட்டி இன்னொரு தடவை விட வேண்டும். அதற்குத் தனி ஸ்டீரியோ வேண்டும், தனி நேரமும் ஆகும். (ஸ்டீரியோ என்பது எழுத்து புடைத்து நிற்கும் ரப்பர் அல்லது பாலிமர் தகடு. இயந்திரத்தின் உருளையில் சுற்றி ஒட்டப்படும். பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

சாதாரண அட்டைப்பெட்டியை மூடுகிற முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் குட்டையான இரு பக்கங்களின் ஃபிளாப்புகளை மடிக்கிறோம். அவற்றின் மேல் நீளப் பக்கத்து ஃபிளாப்புகளை மடித்து, நடுவில் சேரும் இடத்தில் டேப் ஒட்டுகிறோம். முதலில் மடித்த உள் ஃபிளாப்புகளின் வெளிமுகம் மேல்நோக்கித்தான் இருக்கிறது. பெரிய ஃபிளாப்புகள் அதை மூடி மறைக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே, பெட்டியின் வெளியே பெயரும் படமும் அச்சாகும் அதே தடவையில், அதே மையில், உள் ஃபிளாப்பிலும் ஒரு வரி விழுந்துவிடும். ஏற்கெனவே வெளியே அச்சடிக்கிற பெட்டி என்றால் கூடுதலாக ஆவது ஸ்டீரியோவில் ஒரு சின்னத் துண்டு மட்டுமே. சிறு வியாபாரிக்கு இதைவிட மலிவான ரகசிய இடம் பெட்டியில் வேறு எங்கும் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. அடுக்கி வைக்கும்போது பெட்டியின் பாரத்தைத் தாங்குவது நிற்கும் நான்கு சுவர்களும் அவற்றின் மூலைகளும்தான். சுவர் முழுக்கப் பட்டையாக மை அடித்தால், அச்சு உருளையின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நெளி நசுங்கிப் பெட்டியின் பலம் குறையும். ஃபிளாப்பில் நாலு எழுத்து விழுவதால் அந்தக் கவலை இல்லை.

அக்காவின் பெட்டி: கணக்கு போட்டுப் பார்ப்போமா?

நீளம் 300 மி.மீ., அகலம் 200, உயரம் 150. மூன்று ப்ளை, பழுப்பு கிராஃப்ட். இந்த மாதிரிப் பெட்டியில் நான்கு ஃபிளாப்புகளுக்கும் ஆழம் ஒன்றே: அகலத்தில் பாதி, அதாவது 100 மி.மீ. பெரிய ஃபிளாப்புகள் இரண்டும் 100, 100 என்று நடுவில் வந்து தொட்டுக்கொள்ளும். உள் ஃபிளாப்புகள் நீளவாக்கில் இரு முனையிலிருந்தும் 100, 100 வரும். நீளம் 300 என்பதால் நடுவில் 100 மி.மீ. இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே இருக்கும் மிட்டாய்ப் பொட்டலம் எட்டிப் பார்க்கும். ஆக, திறந்ததும் தெரிவது: இடது ஃபிளாப், நடுவில் பொருள், வலது ஃபிளாப்.

அக்கா இரண்டு வரி யோசித்து வைத்திருந்தாள். இடதில் "முதல்ல வாசனை." வலதில் "அப்புறம் மிட்டாய்." பெட்டியைப் பிரித்த உடனே சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியும் சேர்ந்த வாசனைதான் முகத்தில் அடிக்கும், அதனால். பெயர் இல்லை, விலை இல்லை, "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" இல்லை. அந்த நொடியில் உண்மையாகவே நடப்பதை மட்டும் சொல்கிற வரி. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இரண்டு ஃபிளாப்பில் ஒன்று ஏன் தலைகீழாக நிற்கிறது?

அச்சடித்த முதல் 500 பெட்டிகள் வந்தன. ஒன்றை மடித்துப் பார்த்த அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏல, இது என்ன? வாசனை நேரா நிக்கி, மிட்டாய் தலைகீழா நிக்கி!"

தவறு பாதி எங்களுடையது, பாதி பெட்டி கம்பெனியுடையது. நாங்கள் வாசகத்தைக் கொடுத்தோம், எந்தத் திசையில் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. விரித்த அட்டையில் இரண்டு உள் ஃபிளாப்புகளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் இரண்டிலும் எழுத்தை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

இது நடப்பது இப்படி. அட்டையை வெளிமுகம் மேலே இருக்கும்படி மேஜையில் விரித்துப் போடுங்கள். சுவர் கீழே, ஃபிளாப் மேலே, நடுவில் மடிப்புக் கோடு. பெட்டியின் நீளப் பக்கத்துக்கு முன்னால் நின்று திறப்பவருக்கு இடது ஃபிளாப்பின் மடிப்பு இடக்கைப் பக்கம் இருக்கும். ஆகவே வரி மடிப்பில் தொடங்கி ஃபிளாப்பின் ஓரத்தை நோக்கி ஓட வேண்டும். விரித்த அட்டையில் அது கீழிருந்து மேலாகப் படிக்கும்படி சாய்ந்திருக்கும். வலது ஃபிளாப்பின் மடிப்போ வலக்கைப் பக்கம். அங்கே வரி ஓரத்தில் தொடங்கி மடிப்பில் முடிய வேண்டும். விரித்த அட்டையில் அது மேலிருந்து கீழாகப் படிக்கும்படி சாய்ந்திருக்கும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருந்தால்தான் மடித்த பிறகு இரண்டும் நேராக நிற்கும்.

இதில் இன்னொரு புதிர். முன்பக்கச் சுவரை இடது ஓரமாக வைத்து அட்டையை விரித்தால், அதை ஒட்டி அடுத்ததாக வருவது திறப்பவரின் வலதுபக்கச் சுவர். இடதுபக்கச் சுவர் கடைசியில், வலது ஓரத்தில் கிடக்கும். ஆகவே விரித்த அட்டையில் "அப்புறம் மிட்டாய்" முதலிலும், "முதல்ல வாசனை" கடைசியிலும் வரும். அதைப் பார்த்து, வரிசை மாறியிருக்கிறது என்று நினைத்து யாராவது திருத்திவிட்டால் வேலை கெட்டது.

தலையைச் சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. அதற்கு ஒரு சுலப வழி உண்டு. அச்சடிக்காத வெறும் பெட்டி ஒன்று மாதிரிக்குக் கேளுங்கள். அதை மடித்து மூடி, திறந்து, நீங்கள் நிற்கப்போகும் பக்கத்தில் நின்று, கறுப்பு மார்க்கரால் இரண்டு ஃபிளாப்பிலும் நேராக எழுதுங்கள். முன்பக்கச் சுவரில் கடையின் பெயரையும் எழுதுங்கள். பிறகு பெட்டியைப் பிரித்து அட்டையாக விரித்துப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த எழுத்து எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். இரண்டாவது தடவை நாங்கள் செய்தது இதைத்தான். ஒரு பெட்டிகூடத் தவறவில்லை.

டேப் ஓடும் கோட்டை விட்டுத் தள்ளியே எழுத வேண்டும்

பார்சலுக்குப் பரவலாக ஒட்டும் டேப்பின் அகலம் 48 மி.மீ. அது ஒட்டியிருப்பது பெரிய ஃபிளாப்புகளின் மேல்தானே, உள் ஃபிளாப்புக்கு என்ன என்று தோன்றும். ஆனால் பெரிய ஃபிளாப்புகள் இரண்டும் கச்சிதமாகத் தொடுவது அபூர்வம். நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் சந்து இருக்கும். டேப்பின் பசை அந்தச் சந்து வழியாக உள் ஃபிளாப்பைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். டேப்பை உரிக்கும்போது அந்த இடத்துக் காகிதமும் சேர்ந்து உரிந்து வெளுத்த கோடு விழும். கத்தியால் கீறித் திறப்பவர்கள் கையில், கத்தி முனை பெரிய ஃபிளாப்பைத் தாண்டி உள் ஃபிளாப்பையும் கீறும். இரண்டு சேதமும் ஒரே கோட்டில்தான் நடக்கும்: ஃபிளாப்பின் சரி நடுவில்.

எழுதுகிறவர் கை இயல்பாகப் போவதும் சரி நடுவுக்குத்தான்! எங்கள் முதல் பெட்டிகளில் "வாசனை" என்ற சொல் அந்தக் கோட்டில்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படத்தில் "ச" பாதியாகக் கிழிந்திருந்தது.

இப்போது நடுக்கோட்டின் இருபுறமும் சேர்த்து 30 மி.மீ. பட்டையை வெறுமனே விட்டுவிடுகிறோம். மடிப்பிலிருந்தும் ஓரத்திலிருந்தும் 10 மி.மீ. தள்ளி நிற்கிறோம், மடிப்பின் மேல் விழுந்த மை வெடிக்கும் என்பதால். மிச்சம் இருப்பது, கோட்டுக்கு மேலே சுமார் 80 மி.மீ. அகலமும் 75 மி.மீ. உயரமும் உள்ள ஒரு கட்டம். ஒரு தீப்பெட்டியைவிடப் பெரியது, ஒரு போஸ்ட் கார்டைவிடச் சின்னது. இரண்டு சொல்லை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதத் தாராளமான இடம்.

புள்ளி அடைத்துக்கொள்ளும், சுழி நிரம்பிவிடும்

அட்டையில் அச்சடிப்பது பத்திரிகைத் தாளில் அச்சடிப்பதுபோல் இல்லை. பழுப்பு கிராஃப்ட் மையை உறிஞ்சும். மை கொஞ்சம் பரவும். அட்டைக்குள் இருக்கும் நெளி மேடும் பள்ளமுமாக இருப்பதால், உற்றுப் பார்த்தால் எழுத்தின்மேல் மெல்லிய வரிகள் ஓடுவது தெரியும். ஆங்கில எழுத்துக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. தமிழுக்குத் தொந்தரவுதான். "ண"வின் சுழிகள், "ஞ"வின் வளைவு, "இ"யின் உள்வட்டம் எல்லாம் மையால் நிரம்பிக் கறுத்த கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது விழாமலே போகும். "முதல்ல" என்பது "முதலல" ஆகிவிடும்.

தெரிந்துகொள்ள எளிய சோதனை: கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேண்டிய அளவில் தாளில் அச்சடித்து, அதன்மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பேனாவின் பருமனில் சுழி மூடிக்கொண்டால் அட்டையிலும் மூடிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சொல்லைக் குறையுங்கள். நாங்கள் சொல்லைக் குறைத்தோம். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்தையும் கைவிட்டோம். வட்டமான, ஒரே பருமனுள்ள எழுத்துதான் பழுப்பு அட்டையில் அழகாக விழுகிறது.

நிறமும் அப்படித்தான். பழுப்பின்மேல் மஞ்சள் காணாமல் போகும், சிவப்பு செங்கல் நிறமாகும். கறுப்பும் கரும்பச்சையும் ஏமாற்றுவதில்லை.

மூடி போட்ட பெட்டியில் கணக்கே வேறு

பீட்சா பெட்டிபோல் பின்பக்கம் ஒட்டியபடி மேலே தூக்கித் திறக்கும் பெட்டி இருக்கிறதே, அதில் மூடியின் உள்பக்கம் உண்மையாகவே உட்புறம். வெளியே அச்சடித்ததோடு அங்கேயும் எழுத வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டாம் தடவை அச்சு வேண்டும். அதில் விழும் தவறும் தனி ரகம். மூடியின் வெளிப்பக்க எழுத்துக்குத் தலை பின்மடிப்பை நோக்கி இருக்கும். மூடியைத் தூக்கிய பிறகு உள்பக்கம் நம்மைப் பார்த்து நிற்கும். அப்போது பின்மடிப்பு அடியில் இருக்கும், மூடியின் முன்னோரம் உச்சியில் இருக்கும். ஆகவே உள்ளெழுத்துக்குத் தலை முன்னோரத்தை நோக்கி இருக்க வேண்டும். வெளியே இருப்பதற்கு நேர் எதிர். "வெளியே இருக்கிற மாதிரியே உள்ளேயும்" என்று சொல்லிக் கொடுத்தால் தலைகீழாகத்தான் வரும்.

வெளியே யாருக்கு, உள்ளே யாருக்கு?

நெதர்லாந்தின் வான்மூஃப் சைக்கிள் கம்பெனி அனுப்பிய சைக்கிள்கள் வழியில் அடிபட்டுக்கொண்டே இருந்தன. பெட்டியின் அளவு பெரிய டிவி பெட்டியைப் போலவே இருந்ததால், வெளியே ஒரு டிவியின் படத்தை அச்சடித்தார்கள். தூக்குகிறவர்கள் கை மென்மையாகிவிட்டது. சேதம் 70 முதல் 80 சதவீதம் குறைந்ததாகக் கம்பெனி 2016-ல் சொன்னது. பெட்டியின் வெளிப்பக்கம் பார்சலைத் தூக்குபவரிடம் பேசுகிறது. உள் ஃபிளாப் பேசுவது, பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரே ஒருவரிடம். அங்கே போய் "கவனமாகக் கையாளவும்" என்று எழுதுவதில் பயன் இல்லை.

ஒளித்து வைக்கும் வரி நீளமாக இருக்க வேண்டியதும் இல்லை. கலிபோர்னியாவின் இன்-என்-அவுட் பர்கர் கடைகளில் குளிர்பானக் கோப்பையின் அடியில் "யோவான் 3:16" என்று சின்னதாக அச்சாகியிருக்கும். வசனம் இல்லை, எண் மட்டும். முதல் ஐபாட் 2001-ல் வந்தபோது அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையில் "பாட்டைத் திருடாதீர்கள்" என்று பல மொழிகளில் இருந்தது. அதுவும் ஒரே வாக்கியம்தான். கண்டுபிடிக்கிற இடத்தில் வைக்கும் வரி கையில் எண்ணக்கூடிய சொற்களில் முடிந்துவிட வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. உள் ஃபிளாப்பில் ஆறு வரிக் கடிதம் எழுதியிருந்த பெட்டியும் எனக்கு வந்திருக்கிறது. அதைப் படிக்காமலே பொருளை எடுத்துவிட்டேன்.

தின்பண்டம் என்றால் ஒரு விதி உண்டு

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகளின்படி, அச்சடித்த முகம் உணவை நேராகத் தொடக்கூடாது. அக்காவின் மிட்டாய் முதலில் மூடி ஒட்டிய கவரில் போய்விடுகிறது, அதன் பிறகுதான் பெட்டி. பலகாரத்தை வெறும் காகிதத்தின் மேல் அடுக்கிப் பெட்டியில் வைப்பவர்கள் ஃபிளாப்பில் மை வைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஐம்பது பெட்டிதான் வேண்டும் என்றால்?

ஸ்டீரியோ வேண்டாம். ரப்பர் ஸ்டாம்ப் போதும். அக்காவும் அப்படித்தான் தொடங்கினாள். வெறும் பெட்டிகள் தட்டையாக, கட்டுக்கட்டாக வரும். மடிப்பதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே குத்திவிட வேண்டும். மடித்த பெட்டியில் ஃபிளாப் அந்தரத்தில் நிற்பதால் அழுத்தினால் வளையும், எழுத்தின் ஒரு ஓரம் விழாது. குத்தியதும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டு, விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். விரலில் கறை ஒட்டினால் இன்னும் காயவில்லை. ஸ்டாம்ப்பின் கைப்பிடியில், எழுத்தின் தலை இருக்கும் பக்கம் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால் திருப்பிக் குத்தும் தவறு வராது. இடதுக்குச் சிவப்புப் பொட்டு, வலதுக்கு நீலம். அக்காவின் மகள் செய்த ஏற்பாடு அது.

கடைசியில் எல்லாம் லேபிளின் கையில்

எல்லாம் சரியாக அச்சாகி வந்த பிறகும் ஒருநாள் ஒரு படம் வந்தது. பெட்டி திறந்திருக்கிறது, இரண்டு வரியும் தலைகீழ். அவர் எதிர்ப்பக்கம் நின்று திறந்திருக்கிறார். எதற்காக அந்தப் பக்கம் போனார்? முகவரி லேபிள்தான் காரணம். பார்சல் வந்ததும் நம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பெயரைப் படிக்க வசதியாகப் பெட்டியைத் திருப்பி வைப்போம். அப்படியே அந்தப் பக்கமிருந்தே டேப்பைக் கிழிப்போம். லேபிள் எந்தப் பக்கம் பார்த்து ஒட்டியிருக்கிறதோ, திறக்கிறவர் அந்தப் பக்கம்தான் நிற்பார். லேபிள் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தால் பெட்டியையே கவிழ்த்து அடியைத் திறப்பார். அங்கே நம் வரி இருக்கவே இருக்காது.

அக்கா இப்போது பார்சல் கட்டும் மேஜையின் விளிம்பில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். பெட்டியில் கடைப் பெயர் அச்சான பக்கம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். லேபிளின் அடி வரியும் அந்தக் கோட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். ஒட்டி முடித்ததும் தானே ஒரு தடவை முன்னால் வந்து நின்று, மேலிருந்து பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கூரியர் பையனிடம் கொடுக்கிறாள்.